எதை வெளியே தள்ளுவது?

இரவு இரண்டு மணி. ஒரு இணையக் கடையின் டேட்டாபேஸில் மாத அறிக்கைக்கான வேலை தானாக ஓடத் தொடங்குகிறது. பழைய ஆர்டர்கள் எல்லாம் கிடக்கும் பெரிய அட்டவணையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை படித்து, கூட்டல் கழித்தல் போட்டு, அறிக்கையை எழுதிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. காலையில் வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கும்போது தளம் இழுக்கிறது. நேற்று தொட்டவுடன் திறந்த பக்கங்கள் இன்று நின்று நின்று வருகின்றன. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடுவதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பதிவேடுகளைப் புரட்டினாலும் பிழை என்று ஒன்றும் இருக்காது. அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடியும் இதே கதை.

இதில் எந்த மென்பொருளும் பழுதாகவில்லை. கேஷ் என்ற பகுதி தனக்குக் கொடுத்த விதியை அப்படியே கடைப்பிடித்தது, அவ்வளவுதான். அந்த விதி அந்த இரவுக்குப் பொருந்தாத விதி.

கேஷ் என்பது கணினி அடிக்கடி கேட்கும் தகவலைக் கைக்கெட்டும் இடத்தில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும் இடம். பெரும்பாலும் அது ரேம் நினைவகத்தில் இருக்கும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய நூறு நானோ விநாடி ஆகிறது என்றால், எஸ்எஸ்டி வட்டிலிருந்து எடுக்க அதைப்போல ஆயிரம் மடங்கு, சுழலும் பழைய வட்டிலிருந்து எடுக்க ஒரு லட்சம் மடங்குகூட ஆகலாம். கேட்ட தகவல் கேஷிலேயே கிடைத்தால் அது ஹிட். கிடைக்காமல் வட்டுக்கோ வேறு சர்வருக்கோ போக நேர்ந்தால் மிஸ். ரேம் விலை அதிகம் என்பதால் கேஷ் எப்போதும் சிறியது, சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு புதிதாக ஒன்றை வைக்க வேண்டுமானால் உள்ளே இருப்பதில் ஒன்று வெளியேற வேண்டும். எது வெளியேறுவது என்று முடிவு செய்யும் விதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கேள்விக்குச் சரியான விடை என்ன என்பது 1966இலேயே தெரிந்துவிட்டது. ஹங்கேரியில் பிறந்து, ஐபிஎம் நிறுவனத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த லாஸ்லோ பெலாடி அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அதைச் சொன்னார்: உள்ளே இருப்பவற்றில் எது இனி மிகத் தாமதமாகக் கேட்கப்படுமோ, அதை வெளியே தள்ளு. இதைவிடக் குறைந்த மிஸ்களோடு எந்த விதியாலும் சமாளிக்க முடியாது. சிக்கல் என்னவென்றால், இந்த விதியைப் பின்பற்ற இனி வரப்போகும் கோரிக்கைகள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு அது தெரியாது. அதனால் நடைமுறையில் உள்ள ஒவ்வொரு விதியும் கடந்த காலத்தைப் பார்த்து எதிர்காலத்தை ஊகிக்கும் முயற்சிதான். எந்தக் கடந்த காலத்தைப் பார்க்கிறது என்பதில்தான் விதிகள் வேறுபடுகின்றன.

எல்ஆர்யு என்று சுருக்கமாகச் சொல்லப்படும் விதி, ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது தொடப்பட்டது என்று பார்க்கிறது. தொடப்பட்டு அதிக நேரமானதை வெளியே அனுப்புகிறது. இப்போது கேட்டதையே சீக்கிரம் மறுபடி கேட்பார்கள் என்பது அதன் ஊகம். எல்எஃப்யு என்ற விதி, ஒவ்வொன்றும் எத்தனை முறை தொடப்பட்டது என்று எண்ணுகிறது. எண்ணிக்கை குறைந்ததை வெளியே அனுப்புகிறது. இதுவரை பலர் கேட்டதை இனியும் பலர் கேட்பார்கள் என்பது அதன் ஊகம். இரண்டுமே நியாயமாகத்தான் படுகின்றன. ஆனால் ஒரே கோரிக்கை வரிசையை இரண்டுக்கும் கொடுத்துப் பார்த்தால் அவற்றின் குணம் தெரியும்.

நான்கு பொருள்களுக்கு மட்டுமே இடமுள்ள ஒரு சின்ன கேஷ் என்று வைத்துக்கொள்வோம். பகல் முழுவதும் எல்லோரும் கேட்பது அ, ஆ என்ற இரண்டு பக்கங்கள். அ, ஆ, அ, ஆ, அ, ஆ என்று ஆறு கோரிக்கைகள் வருகின்றன. முதல் இரண்டும் மிஸ், மற்ற நான்கும் ஹிட். இதுவரை இரண்டு விதிகளுக்கும் வித்தியாசமில்லை. இப்போது இரவு அறிக்கை ஓடுகிறது. 1, 2, 3, 4 என்று நான்கு பக்கங்களை அது ஒவ்வொரு முறை மட்டும் படிக்கிறது.

எல்ஆர்யு என்ன செய்கிறது? 1, 2 இரண்டும் காலி இடங்களில் அமர்கின்றன. 3 வரும்போது இடமில்லை. தொடப்பட்டு அதிக நேரமானது அ, அதனால் அ வெளியேறுகிறது. 4 வரும்போது ஆ வெளியேறுகிறது. காலையில் கேஷ் முழுக்க 1, 2, 3, 4 என்று இனி யாருமே கேட்கப்போகாத பக்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. முதல் வாடிக்கையாளர் அ கேட்கிறார், மிஸ். அடுத்தவர் ஆ கேட்கிறார், அதுவும் மிஸ்.

எல்எஃப்யு இந்த இரவைக் காயமில்லாமல் கடக்கிறது. அ, ஆ இரண்டுக்கும் எண்ணிக்கை மூன்று. 1, 2 இரண்டுக்கும் ஒன்று. 3 வரும்போது 1 வெளியேறுகிறது, 4 வரும்போது 2 வெளியேறுகிறது. அ, ஆ இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. காலையில் இரண்டு கோரிக்கைகளுமே ஹிட்.

இதோடு நிறுத்தினால் எல்எஃப்யுதான் சிறந்தது என்று தோன்றும். அடுத்த நாளையும் பார்ப்போம். அ, ஆ இரண்டும் பழசாகிவிட்டன, இனி யாரும் அவற்றைக் கேட்கப்போவதில்லை. உ, ஊ, எ என்ற மூன்று புதிய பக்கங்கள் வந்திருக்கின்றன. உ, ஊ, எ, உ, ஊ, எ, உ, ஊ, எ என்று ஒன்பது கோரிக்கைகள் வருகின்றன. எல்ஆர்யு முதல் மூன்றில் மட்டும் தவறுகிறது. புதியவை மூன்றும் உள்ளே வந்துவிட்டதால் மீதி ஆறும் ஹிட்.

எல்எஃப்யுவில் அ, ஆ இரண்டுக்கும் இப்போது எண்ணிக்கை நான்கு. அவை நகராது. மீதியிருப்பது இரண்டு இடம், அவற்றில் எண்ணிக்கை ஒன்று உள்ள 3, 4. உ வந்து 3ஐத் தள்ளுகிறது, ஊ வந்து 4ஐத் தள்ளுகிறது. எ வரும்போது எண்ணிக்கை ஒன்று உள்ளவை உ, ஊ இரண்டுதான். அவற்றில் பழையதான உ வெளியேறுகிறது. அடுத்த கோரிக்கையே உ. அது மிஸ் ஆகி, ஊவைத் தள்ளிவிட்டு உள்ளே வருகிறது. அடுத்து கேட்பது ஊ. இப்படியே ஒன்றையொன்று துரத்தி ஒன்பது கோரிக்கைகளிலும் ஒரு ஹிட்கூட இல்லை. வெளியேறியவுடன் எண்ணிக்கையும் அழிந்துவிடுவதால் புதியவை எதுவும் ஒன்றைத் தாண்டுவதே இல்லை. நேற்றைய புகழ் பாதி இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்றைய தேவையை உள்ளே விடாமல் தடுக்கிறது.

நான்கு இடமுள்ள கேஷில் நடந்த இதே விஷயம்தான் கோடிக்கணக்கான பொருள்கள் உள்ள கேஷிலும் நடக்கிறது. ஒரே முறை படித்துவிட்டுப் போகும் நீண்ட வாசிப்பு எல்ஆர்யுவின் எதிரி. ரசனை மாறுவது எல்எஃப்யுவின் எதிரி. எல்ஆர்யுவுக்கு இன்னொரு பொல்லாத இடமும் உண்டு. நான்கு இடமுள்ள கேஷில் ஐந்து பொருள்கள் 1, 2, 3, 4, 5, மறுபடி 1, 2, 3, 4, 5 என்று சுற்றிச் சுற்றிக் கேட்கப்பட்டால், அடுத்து எது தேவையோ சரியாக அதையே ஒவ்வொரு முறையும் அது வெளியே அனுப்பும். ஹிட் பூஜ்யம். அதே சுற்றில் பெலாடியின் விதி முதல் சுற்றுக்குப் பிறகு நான்கு கோரிக்கைகளில் மூன்றை ஹிட் ஆக்கிவிடும். ஒரே ஓர் இடம் பற்றாக்குறை, ஆனால் விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு சர்வரில் தரவு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டிருக்கும்போது, ஹிட் விகிதம் மெல்லச் சரியாமல் ஒரே நாளில் குப்புற விழுந்தால், இந்தச் சுற்று வாசிப்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இந்தக் குறைகள் தெரிந்தும் இரண்டு விதிகளையும் யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தம் கண்டுபிடித்தார்கள். அந்தத் திருத்தங்கள்தான் இந்தத் துறையில் உண்மையிலேயே அழகான பகுதி. எல்ஆர்யுவுக்கான திருத்தத்தை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸிலும், எல்எஃப்யுவுக்கான திருத்தத்தை ரெடிஸிலும் பார்க்கலாம்.

மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, தரவை 16 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து வைக்கிறது. ரேமில் அதற்கென உள்ள கேஷுக்கு பஃபர் பூல் என்று பெயர். யாரும் மாற்றாவிட்டால் அதன் அளவு 128 மெகாபைட், அதாவது 8,192 பக்கங்கள். இந்தப் பக்கங்கள் ஒரு நீண்ட வரிசையில் நிற்கின்றன. தலைப்பக்கம் புதியவை, வால்பக்கம் பழையவை. இடம் வேண்டும்போது வாலிலிருந்து ஒன்று வெளியேறும். வழக்கமான எல்ஆர்யுவாக இருந்தால் புதிதாகப் படித்த பக்கம் நேரே தலைக்குப் போகும். இன்னோடிபி அப்படிச் செய்வதில்லை. வாலிலிருந்து எட்டில் மூன்று பங்கு தூரத்தில், வரிசையின் நடுவே ஓர் இடத்தில் அதைச் செருகுகிறது. அந்த இடத்துக்குக் கீழே உள்ளது பழைய பகுதி, மேலே உள்ளது இளைய பகுதி. புதிதாக வந்த பக்கம் தன் தகுதியை நிரூபிக்கும் வரை கீழ்ப்பகுதியில்தான் காத்திருக்க வேண்டும். மறுபடி யாராவது கேட்டால் மேலே போகும், கேட்காவிட்டால் வால் வழியாக வெளியேறிவிடும்.

பத்து ஜிகாபைட் அட்டவணையை இரவில் முழுதாகப் படித்தால் ஆறரை லட்சம் பக்கங்கள் உள்ளே வரும். ஆனால் அவை புரண்டு போவதெல்லாம் ஏறக்குறைய மூவாயிரம் பக்கங்கள் கொண்ட அந்தக் கீழ்ப்பகுதிக்குள்ளேயே. மேலே உள்ள ஐயாயிரத்துச் சொச்சம் பக்கங்கள் தொடப்படாமல் அப்படியே இருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் நூறு வரிகள் இருந்தால், அட்டவணையை வரிசையாகப் படிக்கும் வேலை அந்தப் பக்கத்தைச் சில மில்லி விநாடிகளுக்குள் நூறு முறை தொடும். இரண்டாவது தொடுதலிலேயே தகுதி கிடைத்துவிடும் என்றால் திருத்தமே வீணாகிப்போகும். அதனால்தான் `innodb_old_blocks_time` என்ற அமைப்பு. முதல் தொடுதலிலிருந்து இத்தனை மில்லி விநாடிக்குள் வரும் தொடுதல்கள் எதையும் தகுதியாக எடுத்துக்கொள்ளாதே என்பது அதன் பொருள். 5.5 பதிப்பு வரை அது தானாக இயங்காமல் பூஜ்யத்தில் இருந்தது. 5.6இல் 1000, அதாவது ஒரு விநாடி என்று மாற்றினார்கள். ஒரே மனிதர் ஒரே மூச்சில் நூறு முறை கேட்பதும், நூறு பேர் தனித்தனியாகக் கேட்பதும் ஒன்றல்ல என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்த எண் அது. ஹிட்களை எண்ணும் எந்த விதியை எழுதுபவரும் இதைச் சந்தித்தே ஆக வேண்டும்.

இந்தத் திருத்தம் தன் சர்வரில் வேலை செய்கிறதா என்று ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது? `SHOW ENGINE INNODB STATUS` என்று கேட்டால் வரும் அறிக்கையில் பஃபர் பூல் பகுதியில் `Pages made young` என்ற வரியும் அதனுடன் `not young` என்ற எண்ணும் இருக்கும். பெரிய வாசிப்பு ஓடும் நேரத்தில் இரண்டாவது எண் வேகமாக ஏறி, முதலாவது அதிகம் ஏறாமல் இருந்தால் பாதுகாப்பு சரியாக இயங்குகிறது. முதலாவதும் சேர்ந்து விறுவிறுவென்று ஏறினால், ஒருமுறை மட்டும் தேவைப்படும் பக்கங்கள் மேல்பகுதிக்குள் நுழைந்துகொண்டிருக்கின்றன. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன காலைநேர மந்தத்துக்குப் பெரும்பாலும் இதுதான் தடயம்.

இனி ரெடிஸ். இத்தாலியரான சல்வத்தோரே சான்பிலிப்போ எழுதிய இந்த மென்பொருள் முழுத் தரவையும் ரேமிலேயே வைத்திருக்கும். இணையதளங்கள் இதைக் கேஷாகப் பெருமளவில் பயன்படுத்துகின்றன. இதில் விதியை நாமே தேர்ந்தெடுக்கலாம்:

```
maxmemory 2gb
maxmemory-policy allkeys-lfu
```

இரண்டாவது வரியில் `allkeys-lru` என்று போட்டால் எல்ஆர்யு. ரெடிஸ் முழுமையான எல்ஆர்யுவைச் செய்வதில்லை என்பது பலருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வரிசையில் கோத்து வைக்க ஒவ்வொரு பொருளுக்கும் முன்னும் பின்னும் இரண்டு சுட்டிகள், மொத்தம் 16 பைட் வேண்டும். சின்னச் சின்னத் தகவல்கள் கோடிக்கணக்கில் இருக்கும் இடத்தில் அது பெரிய வீண்செலவு. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பொருளோடும் 24 பிட்டில் கடைசியாகத் தொட்ட நேரத்தைக் குறித்து வைக்கிறது. இடம் தேவைப்படும்போது குத்துமதிப்பாக ஐந்து பொருள்களை எடுத்துப் பார்த்து, அவற்றில் பழையதை வெளியேற்றுகிறது. 3.0 பதிப்பு முதல், முந்தைய மாதிரிகளில் கண்ட பழையவற்றைச் சின்னப் பட்டியலாக நினைவில் வைத்துக்கொண்டு அதிலிருந்து தேர்ந்தெடுக்கிறது. விளைவு முழுமையான எல்ஆர்யுவுக்கு மிக நெருக்கமாகவே வருகிறது.

எல்எஃப்யு 2017இல் 4.0 பதிப்போடு வந்தது. அதே 24 பிட்டை இரண்டாகப் பிரித்தார்கள். 16 பிட் நேரத்துக்கு, 8 பிட் எண்ணிக்கைக்கு. எட்டு பிட்டில் 255க்கு மேல் எண்ண முடியாது. ஒரு நாளில் பத்து லட்சம் முறை கேட்கப்படும் பொருளை 255 வரை மட்டுமே எண்ணத் தெரிந்த ஒன்றை வைத்து எப்படிக் கணக்கெடுப்பது? ரெடிஸின் விடை: ஒவ்வொரு ஹிட்டையும் எண்ணாதே. எண்ணிக்கை ஏற ஏற, அடுத்த படி ஏறும் வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே போ.

புதிதாக உள்ளே வரும் பொருளுக்கு 5 என்று தொடக்க மதிப்பெண் கொடுக்கிறது. பூஜ்யத்தில் தொடங்கினால் வந்த உடனேயே வெளியேறிவிடும். நாம் பார்த்த உ, ஊ, எ கதையேதான். 5இல் இருக்கும்போது வரும் ஹிட் கட்டாயம் 6க்கு ஏற்றிவிடும். 6இல் இருக்கும்போது பதினொன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, 7இல் இருபத்தொன்றில் ஒரு பங்கு, 8இல் முப்பத்தொன்றில் ஒரு பங்கு. இப்படிக் கூட்டிப் பார்த்தால் 5இலிருந்து 10க்கு ஏற சராசரியாக 1, 11, 21, 31, 41 என மொத்தம் 105 ஹிட் வேண்டும். 255 என்ற உச்சத்துக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் வேண்டும். ஒரே ஒரு பைட்டுக்குள், நூறு முறை கேட்ட பொருளையும் ஒரு லட்சம் முறை கேட்ட பொருளையும் பிரித்தறிந்துவிட முடிகிறது. இந்த இடத்தில் ரெடிஸின் நிரலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. சில வரிகள்தான், ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு பிட்டைக்கூட வீணாக்காமல் யோசித்து எழுதப்பட்டது.

எண்ணுவதற்கு வழி கிடைத்தது. மறப்பதற்கு? அதற்குத்தான் அந்த 16 பிட் நேரம். `lfu-decay-time` என்ற அமைப்பு மாற்றப்படாவிட்டால் 1 என்று இருக்கும்: யாரும் தொடாத ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பெண்ணில் ஒன்று குறையும். நேற்றைய நட்சத்திரம் எவ்வளவு நேரம் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்று இதை வைத்துக் கணக்கே போட்டுவிடலாம். உச்சமான 255இல் இருந்த பொருள், யாரும் கேட்காமல் விட்டால், புதுவரவின் மதிப்பெண்ணான 5க்கு இறங்க 250 நிமிடம் ஆகும், நாலு மணி பத்து நிமிடம். கிரிக்கெட் போட்டி முடிந்த பிறகு அதன் ஸ்கோர் பக்கம் இத்தனை நேரம் கேஷில் தங்கியிருப்பது உங்களுக்குச் சம்மதமா? செய்தித் தளமாக இருந்தால் அநேகமாக இல்லை. அகராதித் தளமாக இருந்தால் தாராளமாக இருக்கலாம். அங்கே ஒரு சொல்லை நேற்று பலர் தேடினால் இன்றும் தேடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இந்த எண்ணை 10 என்று ஏற்றினால், பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான் குறையும்.

ஆக, எங்கே எது பொருந்தும் என்பதைப் பொருளின் இயல்பை வைத்துச் சொல்லலாம். உள்நுழைந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஒருவரின் விவரங்கள், அரட்டைச் செய்திகள், அஞ்சல் பெட்டி, பாதி நிரம்பிய பொருட்கூடை போன்றவற்றில் பயன்பாடு நேரத்தில் கொத்தாக வரும். அரை மணி நேரம் அடுத்தடுத்துக் கேட்கப்படும், பிறகு அவர் தூங்கப் போய்விடுவார். அவர் மொத்தம் எத்தனை முறை தொட்டார் என்பது எதையும் சொல்லாது, கடைசியாக எப்போது தொட்டார் என்பதுதான் சொல்லும். இங்கே எல்ஆர்யு. மாறாக, பொருட்பட்டியல், படங்கள், மாவட்டம் ஊர் பின்கோடு போன்ற பார்வை அட்டவணைகள் ஆகியவற்றில் சில பொருள்களை மிகப் பலர் கேட்பார்கள், அந்த வரிசை வாரக்கணக்கில் பெரிதாக மாறாது. அதோடு தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் வந்து தளத்தின் மூலைமுடுக்கெல்லாம் ஒருமுறை படித்துவிட்டுப் போவதும் உண்டு. இங்கே எல்எஃப்யு, ஆனால் மறக்கத் தெரிந்த எல்எஃப்யு. மறக்கவே மறக்காத பழைய பாணி எல்எஃப்யுவை நேரடிப் பயன்பாட்டில் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு குணமும் கலந்த இடங்கள்தான் அதிகம். ஜாவா உலகில் பரவலாகப் பயன்படும் கேஃபீன் என்ற நூலகம் அதற்கென்றே கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. எதை வெளியே தள்ளுவது என்று மட்டும் கேட்காமல், வந்ததை உள்ளே விடலாமா என்றும் கேட்கிறது. புதியது முதலில் சின்ன எல்ஆர்யு முன்வாசலில் தங்குகிறது. அங்கிருந்து நகரும்போது, உள்ளே வெளியேற்றத்துக்குக் காத்திருக்கும் பொருளோடு அதன் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதிகம் கேட்கப்பட்டது எதுவோ அது தங்கும். அவ்வப்போது எல்லா எண்ணிக்கைகளையும் பாதியாகக் குறைத்துவிடுவதால் பழைய புகழும் கரைந்துவிடும். அகமாய் நிறுவனம் தன் உலகளாவிய சர்வர்களில் பார்த்தபோது, கேட்கப்பட்ட பொருள்களில் ஏறக்குறைய முக்கால்வாசி ஒரே ஒருமுறை மட்டும் கேட்கப்பட்டவை என்று தெரிந்தது. அதனால் இரண்டாம் முறை கேட்டால்தான் வட்டில் சேமிப்பது என்று முடிவு செய்தார்கள். வாசலிலேயே நிறுத்திவிட்டால் வெளியேற்றும் வேலையே குறைந்துவிடுகிறது.

தவறாக அமைத்த விதி எப்படி முகம் காட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரெடிஸில் `volatile-lru` என்று ஒரு வகை உண்டு. காலாவதி நேரம் குறிக்கப்பட்ட பொருள்களை மட்டுமே அது வெளியேற்றும். நிரல் எழுதியவர் காலாவதி நேரம் எதையும் குறிக்காமல் விட்டிருந்தால் வெளியேற்ற அதற்கு ஒன்றுமே இருக்காது. நினைவகம் நிரம்பியவுடன் புதிதாக எழுத வரும் ஒவ்வொரு கட்டளைக்கும் `OOM command not allowed when used memory > 'maxmemory'` என்ற பிழை வரும். வாசிப்பு நன்றாக நடந்துகொண்டிருக்கும், எழுதுவது மட்டும் நின்றுபோகும். இதைப் பார்த்துவிட்டு நினைவகத்தைக் கூட்டுபவர்கள் நோயைச் சில வாரம் தள்ளிப்போடுகிறார்கள்.

மற்றபடி விதி மோசமாக இருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, மெதுவாகும், அவ்வளவுதான். எனவே அளந்து பார்த்தால்தான் தெரியும். `INFO stats` என்று கேட்டால் ரெடிஸ் `keyspace_hits`, `keyspace_misses`, `evicted_keys` என்ற மூன்று எண்களைத் தரும். இவை சர்வர் தொடங்கியதிலிருந்து கூடிக்கொண்டே வருபவை. மொத்தத்தை வைத்து விகிதம் போட்டால் நேற்றைய நல்ல நாள் இன்றைய கெட்ட நேரத்தை மறைத்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, முந்தையதைக் கழித்து, அந்த இடைவெளிக்கான விகிதத்தை வரைபடமாகப் பார்க்க வேண்டும். எல்ஆர்யு ஓடும் இடத்தில் இரவில் வெளியேற்ற எண்ணிக்கை திடீரென்று எகிறி, அதற்குப் பின் காலையில் ஹிட் விகிதம் விழுந்தால் அது நீண்ட வாசிப்பின் வேலை. எல்எஃப்யு ஓடும் இடத்தில் புதிய பொருள்கள் வெளியாகும் நாள்களில் மட்டும் விகிதம் விழுந்து, மணிக்கணக்கில் மெல்ல ஏறினால் அது பழைய புகழின் வேலை. எல்எஃப்யு விதி இருக்கும்போது `OBJECT FREQ` என்று ஒரு பொருளின் பெயரோடு கேட்டால் அதன் மதிப்பெண்ணையும் பார்க்கலாம். யாரும் கேட்காத ஒன்று இன்னும் இருநூறில் உட்கார்ந்திருந்தால் விடை கையில் கிடைத்துவிட்டது.

விதியை மாற்ற ரெடிஸை நிறுத்த வேண்டியதில்லை, `CONFIG SET maxmemory-policy allkeys-lfu` போதும். ஆனால் அதே 24 பிட்டை இதுவரை நேரம் என்று படித்தவர்கள் இப்போது எண்ணிக்கை என்று படிக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. மாற்றிய உடனே மதிப்பெண்களுக்கு அர்த்தமிருக்காது, பொருள்கள் ஒரு சுற்றுத் தொடப்பட்ட பிறகுதான் அவை நிலைக்கு வரும். முதல் சில நிமிடங்களின் எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதுவது சரியல்ல.

இதைவிட நிதானமான வழி, ஓடும் சர்வரைத் தொடாமலேயே சோதிப்பது. எந்தப் பொருள் எந்த வரிசையில் கேட்கப்பட்டது என்பதை மட்டும் ஒரு வாரத்துக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வார இறுதியும் இரவு வேலைகளும் அதில் அடங்க வேண்டும். பிறகு அந்தப் பதிவைத் தனிக் கணினியில் எல்ஆர்யு, எல்எஃப்யு இரண்டின் வழியாகவும் ஓட்டிப் பார்க்கலாம். மேலே நான்கு இடங்களை வைத்து நாம் கையால் செய்ததை நிரல் செய்யும். பதிவு முழுவதும் கையில் இருப்பதால் இங்கே எதிர்காலமும் தெரியும். எனவே பெலாடியின் விதியையும் ஓட்டலாம். உதாரணமாக எல்ஆர்யு நூற்றுக்கு 81 ஹிட், எல்எஃப்யு 82, பெலாடி 84 என்று வந்தால், எந்த விதியைக் கொண்டுவந்தாலும் இனி எட்டக்கூடியது இரண்டோ மூன்றோதான். ரேமைக் கூட்டுவதோ, கேட்கும் முறையைக் குறைப்பதோதான் வழி. எல்ஆர்யு 60, எல்எஃப்யு 74, பெலாடி 83 என்று வந்தால், காசு செலவழிக்காமல் ஒரே வரி அமைப்பை மாற்றினாலேயே பதினான்கு கிடைக்கிறது, திருத்தப்பட்ட விதி ஒன்றுக்கு இன்னும் ஒன்பது மீதமிருக்கிறது.